முதல் ஆண்டு நிறைவுக்குப் பெற்றோர் எழுதும் வாழ்த்து

குழந்தைக்கு ஒரு வயது நிறையும்போது பெற்றோர் உறவினருக்கும் நண்பர்களுக்கும் எழுதி அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்தில் வழக்கமாக மூன்று பகுதிகள் இருக்கும்: வாழ்த்துரை, அந்த ஆண்டில் குழந்தை கற்றுக்கொண்டவற்றின் சிறு பட்டியல், தாத்தா பாட்டிகளுக்கு நன்றி. வாழ்த்துரை எந்தக் குழந்தைக்கும் பொருந்திவிடும். மற்ற இரண்டும்தான் அந்த ஒரு குழந்தைக்கே உரியவை.

வளர்ச்சிப் பட்டியல் தமிழுக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுகிறது. செங்கீரைப் பருவத்தில் குழந்தை கைகளைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணிப் பருவத்தில் உட்கார்ந்து கை கொட்டுகிறது. வாரானையில் தளர்நடை போட்டு வருகிறது. செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று மாதக்கணக்கும் சொல்லப்படுகிறது. தொட்டில் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர்கள் வகுத்த வரிசை அது.

இன்றைய மருத்துவம் ஒரே மாதத்தைக் குறிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 முதல் 9 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். தனியாக நடப்பதற்கோ 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரை இடமிருக்கிறது. ஆகவே முதல் பிறந்தநாளில் நடக்காத குழந்தை பின்தங்கிய குழந்தை அல்ல. சில குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலே நேராக எழுந்து நிற்கப் பழகிவிடுகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைந்த வாரங்களைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால், முதல் பிறந்தநாளன்று அதன் வளர்ச்சியைப் பத்து மாதக் குழந்தையோடுதான் ஒப்பிடலாம்.

பட்டியலில் அடிக்கடி நேரும் பிழை, ஆசையில் ஒரு படி கூட்டி எழுதுவது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும் குழந்தையை “நடக்கிறாள்” என்று எழுதிவிடுகிறார்கள். மேற்சொன்ன ஆய்வில் எதையும் பிடிக்காமல் குறைந்தது ஐந்து அடி வைத்தால்தான் அது தனிநடை. பேச்சும் அப்படித்தான். “மாமாமா” என்று சும்மா இசைப்பது வேறு, அம்மாவைப் பார்த்து “ம்மா” என்பது வேறு. கண்டதைக் கண்டபடி எழுதினாலே பட்டியல் உயிரோடு இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு:

பிறந்தபோது 2.8 கிலோ, இன்று 8.6 கிலோ.
4-ஆம் மாதம் குப்புற விழுந்தாள். திரும்பி மல்லாக்கத் தெரியாமல் அழுதாள்.
7-ஆம் மாதம் கீழ்வரிசையில் முதல் பல்.
10-ஆம் மாதம் தரையில் சிந்திய பொரியை இரண்டு விரலால் பொறுக்கி வாயில் போட்டாள்.
11-ஆம் மாதம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.
12-ஆம் மாதம் “டாட்டா” என்றால் கையசைக்கிறாள்.

பொரியைப் பொறுக்கிய வரி சிறிதாகத் தெரிந்தாலும் பட்டியலில் அதுதான் முக்கியமானது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சிறு பொருளை எடுப்பது, கையும் கண்ணும் இணைந்து இயங்குவதற்கான அடையாளம். எடை பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகியிருப்பதும் ஒரு வயதுக்கு உரிய வளர்ச்சியே. எழுதும்போது, பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புவதில்லை, பிடித்துக்கொண்டும் நிற்பதில்லை, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்று தெரிந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நன்றிப் பகுதி பெரும்பாலும் “தாத்தா பாட்டிகளின் அன்புக்கு நன்றி” என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அவர்கள் செய்த வேலையைச் சொன்னால்தான் அது நன்றியாக நிற்கும். பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியச் சமையல், நீட்டிய காலில் குழந்தையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது, நடுராத்திரியில் தூளி ஆட்டுவது, விடுப்பு முடிந்து தாய் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது என முதல் ஆண்டின் பெரும் உழைப்பு அவர்களுடையது. “மூன்று மாதம் தினமும் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டுத் தூங்க வைத்த அம்மாச்சிக்கு, சாயங்காலம் தோளில் போட்டுத் தெருவைச் சுற்றிக் காட்டிய தாத்தாவுக்கு, ராகிக் கூழ் காய்ச்சிக் கொடுத்து அனுப்பிய அப்பத்தாவுக்கு” என்று வீட்டில் அழைக்கும் முறையிலேயே எழுதலாம். தாய்வழி, தந்தைவழி இரண்டு பக்கமும் இடம்பெற வேண்டும். தொலைவில் இருந்ததால் குறைவாகச் செய்ய முடிந்தவர்கள் விடுபட்டால் அந்த வருத்தம் நெடுநாள் தங்கும்.

ஆண்டு நிறைவை நட்சத்திரப்படி கொண்டாடும் வீடுகளில் அந்த நாளும் ஆங்கிலத் தேதியும் சில நாள் தள்ளி வரலாம். வாழ்த்தை எந்த நாளில் அனுப்புவது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. பலர் கைக்கும் போகக்கூடிய வாழ்த்தில் முழுப் பெயர், பிறந்த நேரம், மருத்துவமனை, வீட்டு முகவரி ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. குளிக்கும் படங்களையும் தவிர்க்க வேண்டும். தாத்தா பாட்டிகளுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒரு படி தனியாகக் கொடுக்கலாம்.