டிக்கெட் வெட்டிய பிறகு

வார்டுக்கு வெளியே – தொடர் 6

சென்ற வாரம் பாட்டியை அறுவைக்குப் பின் கட்டிலிலிருந்து எழுப்பி, வோக்கரைப் பிடித்து நான்கு அடி நடக்கவைத்ததோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அவருக்கு டிக்கெட் வெட்டுகிறார்கள். அவர் கையில் கொடுத்தனுப்பும் அந்த ஒற்றைத் தாளை, நோய் நிர்ணய அட்டையை, எப்படி எழுத வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

பாட்டி ஒருவரல்லர் என்பதை மீண்டும் சொல்லிவிடுகிறேன். பண்டாரவளை, அப்புத்தளை, பூனாகலைப் பக்கத்து லயங்களிலிருந்து தியத்தலாவைக்கும் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும் வந்து சேரும் பலரைச் சேர்த்து நான் உருவாக்கிய ஒருவர் அவர். வயது 76. கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். அதிகாலையில் கக்கூசுக்குப் போகும்போது ஈரப் படியில் விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. மார்ச் 3ஆம் திகதி, முறிந்த எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தினார்கள். மார்ச் 12ஆம் திகதி வீட்டுக்குப் போகிறார்.

அட்டைகள் வழக்கமாக நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கின்றன. விழுந்தார், எக்ஸ்-ரே எடுத்தோம், இரத்தம் ஏற்றினோம், அறுவை செய்தோம், பின்னர் நலம், கிளினிக்குக்கு வரவும். ஆனால் அதை அடுத்துப் படிக்கப்போகிறவர் யார்? தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளர். மாதாமாதம் பிரஷர் மருந்து தரும் கிளினிக் டாக்டர். நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு பாட்டி வந்தால், அவரை முன்பின் பார்த்திராத ஒரு பயிற்சி டாக்டர். நடந்த கதை இவர்கள் யாருக்கும் முதல் தேவையில்லை. இனி என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதுதான் முதலில் வேண்டும். ஆகவே அட்டையின் முதல் நான்கு வரிகளை அதற்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கதையைக் கீழே தள்ளிவிடலாம்.

பாட்டியின் அட்டையில் முதல் வரி இது: “இடது தொடை எலும்புக் கழுத்து முறிவு, பின்பக்க வழியில் அரை மூட்டு மாற்று அறுவை, மார்ச் 3. இன்றிலிருந்தே முழுப் பாரத்தையும் ஊன்றி நடக்கலாம்.” இரண்டாவது வாக்கியத்தைப் பலர் ‘இயன்ற அளவு நடக்கவிடவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைக் கேட்ட குடும்பம் என்ன செய்யும்? எலும்பு ஒட்டவில்லையே என்று பயந்து பாட்டியைக் கட்டிலிலேயே வைத்திருக்கும். பொருத்திய தலை ஒட்டுவதற்காகக் காத்திருக்கும் எலும்பு அல்ல. முதல் நாளிலேயே பாரம் தாங்கக்கூடியது. படுக்கவைத்தால்தான் முதுகில் புண்ணும், நெஞ்சில் சளியும், காலில் இரத்தக் கட்டியும் வரும். முழுப் பாரமா, பாதியா, ஊன்றவே கூடாதா என்பதை ஒரே சொல்லில் எழுதாத அட்டை பாட்டியைப் படுக்கையில் தள்ளிவிடும்.

அதே வரியில் ‘பின்பக்க வழி’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. அந்த வழியில் அறுவை செய்தால், மூட்டு ஆழமாக மடங்கிக் கால் உள்பக்கம் திரும்பும்போது உலோகத் தலை குழியிலிருந்து பின்பக்கமாக நழுவிவிடலாம். முதல் மூன்று மாதம் தொண்ணூறு பாகைக்கு மேல் இடுப்பை மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று சொல்வது அதனால்தான். லயத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். கக்கூசில் குந்தித்தான் இருக்க வேண்டும். அடுப்படியில் பலகையில் அமர வேண்டும். பீலியில் குனிந்து முகம் கழுவ வேண்டும். மூன்றும் ஆகாது. ‘இடுப்பு முன்னெச்சரிக்கை’ என்ற இரண்டு சொல்லோடு அட்டை நிற்கக் கூடாது. “மூன்று மாதம் குந்தக் கூடாது; உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; கொமோட் நாற்காலி தேவை, ஏற்பாடு செய்தது: மகன்” என்று எழுத வேண்டும். மகன் இன்னும் செய்யவில்லையென்றால் டிக்கெட் வெட்டுவதை ஒரு நாள் தள்ளிப்போடுவதே நல்லது. பிளாஸ்டிக் நாற்காலியில் துளை போட்டு அடியில் வாளி வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. நாற்காலி ஆடாமல் நின்று, உயரமும் போதுமானால் அதுவே போதும்.

இனி மருந்து. இந்த அட்டையில் நான் அதிகம் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். பாட்டி பல வருடமாகப் பண்டாரவளைக் கிளினிக்கில் பிரஷருக்கு லொசார்டன் 50 மில்லிகிராமும் ஹைட்ரோகுளோரோதையசைட் 25 மில்லிகிராமும் எடுத்துவந்தார். இரண்டாவது, நீரை வெளியேற்றும் மாத்திரை. வார்டுக்கு வந்தபோது இரத்தத்தில் சோடியம் 126 இருந்தது. 135க்குக் கீழ் போகக் கூடாது. வயதான பெண்களுக்கு இந்த மாத்திரை சோடியத்தை இறக்கிவிடுவது தெரிந்த விஷயம். சோடியம் இறங்கினால் நடை தள்ளாடும், மனம் குழம்பும். படுத்திருக்கும்போது 138 இருந்த மேல் பிரஷர், எழுந்து நின்றதும் 112 ஆனது. நின்றவுடன் 20க்கு மேல் இறங்குவது விழுவதற்கு ஒரு காரணம். ஈரப் படி ஒரு பகுதிக்கதைதான். மீதியை இந்த மாத்திரை செய்திருக்கலாம். மாத்திரையை நிறுத்தியதும் சோடியம் 134க்கு ஏறியது, நிற்கும்போது பிரஷரும் நின்றது.

வார்டில் இவ்வளவு சரியாகச் செய்துவிட்டு, அட்டையில் லொசார்டனை மட்டும் மருந்துப் பட்டியலில் எழுதினால் என்ன ஆகும்? பட்டியலில் இல்லாத மருந்து நிறுத்தப்பட்டதா, எழுத மறந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் பாட்டி வழக்கமான கிளினிக்குக்குப் போவார். அங்கே டாக்டர் பார்ப்பது கிளினிக் கொப்பியை. அதில் பழைய மருந்து இரண்டும் இருக்கும். அட்டையோ நாலாய் மடித்துக் கொப்பியின் பின்னட்டைக்குள் கிடக்கும். நெரிசலில் அதே இரண்டு மருந்தும் மறுபடி கொடுக்கப்படும். இரண்டாவது விழுதல் மறுபக்க இடுப்பைப் பிடிக்கும்.

இதைத் தடுக்க மருந்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தொடர்வது, புதிது, நிறுத்தியது. நிறுத்தியதற்கு எதிரே காரணமும், திரும்பத் தொடங்கலாமா என்ற முடிவும் இருக்க வேண்டும். “ஹைட்ரோகுளோரோதையசைட் – நிறுத்தப்பட்டது. சோடியம் 126, நிற்கும்போது பிரஷர் வீழ்ச்சி. மீண்டும் தொடங்க வேண்டாம்.” அதே வரியைக் கிளினிக் கொப்பியிலும் சிவப்பு மையில் எழுதி, பழைய வரியைக் கோடிட்டு அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையைவிட அந்தக் கொப்பிக்குத்தான் நீண்ட ஆயுள். வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையையும் விட்டுவைக்கக் கூடாது. மருமகளிடம் தாதி கேட்க வேண்டிய கேள்வி எளியது:

“தங்கச்சி, வீட்ல பழைய மருந்து ஏதாவது இருக்கா?”

“இருக்குங்க மிஸ், ஒரு பெட்டி நெறையா. முழங்கால் வலிக்குக் கடையில வாங்கினதும் இருக்கு.”

அந்தக் கடை மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். லொசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இப்போது போடும் ஊசியோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியவைக்கும். கிளினிக்கில் கொடுக்காத மருந்தென்பதால் அது எந்தப் பட்டியலிலும் இருக்காது, கேட்டால்தான் தெரியவரும். நிறுத்தியதில் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஊசி என்றேன். காலில் இரத்தம் கட்டாமலிருக்க எனொக்ஸபாரின் 40 மில்லிகிராம், தினம் ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கடியில். பாட்டியின் சிறுநீரகம் இந்த அளவைத் தாங்கும். அது மிகவும் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள். அறுவை நடந்த மாலை தொடங்கி 28 நாள். அட்டையில் ‘28 நாட்கள்’ என்று மட்டும் எழுதினால், எந்த நாளிலிருந்து என்று தோட்டத்தில் யாரும் கணக்குப் போட மாட்டார்கள். டிக்கெட் வெட்டிய நாளிலிருந்து என்று எண்ணிவிட்டால் ஒன்பது நாள் கூடுதலாகப் போகும். “கடைசி ஊசி மார்ச் 30” என்று திகதியோடு முடிக்க வேண்டும். யார் போடுவார் என்பதும் வேண்டும். டிஸ்பென்சரிக்கு அன்றே தொலைபேசியில் பேசி, ஊசி போட முடியுமா, ஞாயிற்றுக்கிழமை யார் என்று கேட்டறிந்து, மீதி ஊசிகளை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அந்த வரியை எழுத வேண்டும்.

எலும்புக்கான மாத்திரை இன்னொரு வகையில் தவறும். விழுந்ததும் எலும்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அதற்கு மருந்து தராமல் அனுப்புவது பாதி வைத்தியம். அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒருமுறை. ஆனால் லயத்தில் காலை எழுந்ததும் முதலில் உள்ளே போவது தேத்தண்ணி. தேத்தண்ணியோடு இந்த மாத்திரையைப் போட்டால் உடம்பில் சேருவது மிகக் குறைவு. வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கல்சியம் மாத்திரையை அன்று மத்தியானத்துக்குத் தள்ள வேண்டும். “ஞாயிறு காலை, தேத்தண்ணிக்கு அரை மணி முன்” என்று எழுதினால் எந்த வீட்டிலும் புரியும்.

அடுத்து, வீட்டுக்குப் போகும் அன்றைய நிலை. இதை ‘நலம்’ என்று எழுதுவது வழக்கம். வோக்கரோடு, ஒருவர் பக்கத்தில் நிற்க, 20 மீற்றர் நடக்கிறார். ஹீமோகுளோபின் 9.4. புண் உலர்ந்திருக்கிறது. அறுவைக்கு மறுநாள் இரவு குழம்பிப் பேசினார், ஐந்தாம் நாளிலிருந்து தெளிவு. பத்து நாளில் யாரோ ஒருவர் பாட்டியைப் பார்த்து, ‘இப்படித்தான் அனுப்பினார்களா, இல்லை மோசமாகிவிட்டதா’ என்று தடுமாறுவார். ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இருப்பது இந்த நான்கு விவரம்தான்.

ஆங்கில அட்டையோடு தமிழில் அரைப் பக்கம் தனியாக வேண்டும். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பேத்திக்குத் தெரியும். அதில் ஆபத்து அறிகுறி மூன்று போதும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் உருவும்போது அது நெஞ்சுக்குப் போகலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சும் திணறினால் 1990ஐ அழைக்க வேண்டும். இடுப்பில் திடீர் வலி வந்து, கால் குட்டையாகி, பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால் மூட்டு நழுவிவிட்டது. யாரும் இழுத்துப் பிடித்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. புண்ணில் நீரோ சீழோ வந்தால், காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் அறுவை செய்த இடத்துக்கே காட்ட வேண்டும், வெளியில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

கடைசியாகத் திகதிகள். தையல் பிரிப்பு மார்ச் 17, டிஸ்பென்சரியில். சோடியமும் ஹீமோகுளோபினும் பார்க்க இரத்தம் எடுப்பது மார்ச் 26, பண்டாரவளையில்; முடிவை யார் பார்ப்பார் என்ற பெயரும் எதிரே வேண்டும். எலும்பு கிளினிக் ஆறு வாரத்தில். மார்ச் 3இலிருந்து ஆறு வாரம் எண்ணினால் ஏப்ரல் 14, புத்தாண்டு. ‘ஆறு வாரத்தில் வரவும்’ என்று மட்டும் எழுதினால் அன்று மூடிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள். வாகனக் கூலியும் வீண், இரண்டாவது முறை வருவதும் சந்தேகம். ஏப்ரல் 21 என்று எழுதி, போயா விடுமுறையில் விழவில்லை என்று கலண்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அடுத்த வாரம்: லயக் காம்பராவுக்குள் வோக்கரோடு நடக்க எவ்வளவு இடம் வேண்டும்?