விண்கலத்தில் நீர், காற்று மறுசுழற்சி

விண்கல நீர், காற்று மறுசுழற்சி என்பது மனித உடலிலிருந்து வெளியேறும் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றிலிருந்து குடிநீரையும் ஆக்சிஜனையும் மீண்டும் பெறும் முறையாகும். பூமியிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சரக்குக் கலங்கள் அவ்வப்போது நீரைக் கொண்டுசெல்ல முடியும். செவ்வாய்க்குச் சென்று திரும்பும் பயணத்தில் அது இயலாது. இத்தகைய பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். புறப்படும்போது கலத்தில் உள்ள நீரே கடைசி நாள் வரைக்கும் போதவேண்டும்.

இம்முறையைப் பற்றி மனிதருக்குள்ள அனுபவத்தில் பெரும்பகுதி பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் கிடைத்ததே. அங்கு ஓடும் நீரிலும் கழிவிலும் 98 விழுக்காடு மீட்கப்படுவதாக நாசா 2023 இல் அறிவித்தது. இந்த எண் நீருக்கு மட்டுமே உரியது. காற்றின் கணக்கு வேறு. நீண்ட பயணங்களுக்குப் பெரிய இழப்பு அங்குதான் இருக்கிறது.

சிறுநீரிலிருந்து குடிநீர்

நிலையத்தின் காற்றில் கலக்கும் வியர்வையும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த தகடுகளில் படியவைத்துச் சேகரிக்கப்படுகின்றன. இது ஏற்கெனவே ஓரளவு தூய்மையான நீர். சிறுநீரில் உப்புகளும் யூரியாவும் மிகுந்திருப்பதால் அதைக் காய்ச்சி வடிக்க வேண்டும். பூமியில் திரவம் பாத்திரத்தின் அடியில் நிற்கும், ஆவி மேலே எழும். எடையற்ற சூழலில் இரண்டும் நடப்பதில்லை. எனவே சிறுநீர் ஒரு சுழலும் உருளைக்குள் விடப்படுகிறது. சுழற்சி அதை உருளையின் சுவரில் மெல்லிய படலமாகப் பரப்புகிறது. உள்ளே காற்றழுத்தம் மிகக் குறைவாக வைக்கப்படுவதால் அதிக வெப்பம் இல்லாமலே நீர் ஆவியாகிறது. அந்த ஆவி குளிர்விக்கப்பட்டு, காற்றிலிருந்து சேர்ந்த நீருடன் கலக்கிறது. பின்னர் வடிகட்டிகளையும், எஞ்சிய கரிமச் சேர்மங்களை ஆக்சிஜனால் சிதைக்கும் சூடான வினைக்கலத்தையும் கடந்து, கிருமி வளராதிருக்க அயோடின் சேர்க்கப்பட்டுக் குடிநீராகிறது.

இக்கருவி 2008 நவம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் கொண்டுசெல்லப்பட்டது. சிறுநீரில் உள்ள நீரில் 85 விழுக்காட்டை மீட்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே வடிக்கும் பகுதி பழுதானது. கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தபோது உள்ளே கால்சியம் சல்பேட் படிகங்கள் அடைத்திருந்தன. சுவர்ப்பூச்சுக்குப் பயன்படும் ஜிப்சமும் இதே சேர்மம்தான்.

கால்சியம் வந்தது விண்வெளி வீரர்களின் எலும்புகளிலிருந்து. எடையற்ற நிலையில் எலும்பு மெல்லக் கரைந்து அதன் கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. பூமியில் இருப்போரின் சிறுநீரைவிட அதில் கால்சியம் அதிகம். சல்பேட்டோ, சிறுநீர் கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்ட கந்தக அமிலத்திலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து, நீர் வற்றி அடர்த்தி கூடியதும் படிகமாயின. உடனடித் தீர்வாக மீட்பு அளவு 70 முதல் 75 விழுக்காடு வரை குறைக்கப்பட்டது. பின்னர் கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்தப்பட்டதால் பழைய அளவுக்குத் திரும்ப முடிந்தது.

வடித்த பிறகு எஞ்சும் அடர்ந்த கரைசலிலும் நீர் உண்டு. 2021 இல் அனுப்பப்பட்ட மற்றொரு கருவி, அந்தக் கரைசலை நீராவியை மட்டும் விடும் சவ்வுப் பைக்குள் வைத்து அதன்மீது வெதுவெதுப்பான உலர்காற்றைச் செலுத்துகிறது. வெளிவரும் ஈரம் நிலையத்தின் காற்றில் கலந்து மற்ற ஈரத்துடன் பிடிக்கப்படுகிறது. ஏறத்தாழ 93 விழுக்காடாக இருந்த மொத்த மீட்பு 98 ஆனது இதனால்தான்.

காற்றின் கணக்கு

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோகிராம் ஆக்சிஜன் தேவை. நிலையத்தில் இது நீரை மின்னாற்பகுப்புச் செய்து பெறப்படுகிறது. அதாவது சுவாசிக்கும் காற்றும் நீர்த்தொட்டியிலிருந்தே வருகிறது. 0.84 கிலோகிராம் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 0.95 கிலோகிராம் நீர் செலவாகிறது. உடன் கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் 0.1 கிலோகிராம்.

அதே மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறார். இதைச் சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமம் பிடித்துவைக்கிறது. சியோலைட்டுக்குக் கார்பன் டை ஆக்சைடைவிட நீரின்மீது பற்று அதிகம் என்பதால், காற்று முதலில் உலர்த்தப்படுகிறது. பிறகு சியோலைட்டைச் சூடாக்கினால் பிடித்த வாயுவை அது விட்டுவிடுகிறது.

அந்த வாயுவை மின்னாற்பகுப்பில் கிடைத்த ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்யும் கருவி 2010 இல் நிலையத்துக்குச் சென்றது. பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியேயின் பெயரால் அறியப்படும் வினை இது:

CO2 + 4H2 → CH4 + 2H2O

நீர் திரும்பக் கிடைக்கிறது; மெத்தேன் வெளியே விடப்படுகிறது. சமன்பாட்டில் ஹைட்ரஜன் அணுக்களை எண்ணினால் சிக்கல் தெரியும். உள்ளே செல்லும் எட்டு அணுக்களில் நான்கு நீராகின்றன, நான்கு மெத்தேனுடன் போய்விடுகின்றன. கருவி எவ்வளவு சிறப்பாக ஓடினாலும் செலவான நீரில் பாதிதான் திரும்பும். ஹைட்ரஜன் போதாததால் கார்பன் டை ஆக்சைடிலும் ஒரு பெரும் பங்கு, அதிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, வீணாகிறது.

நான்கு பேர் 1000 நாள் பயணம் செய்வதாகக் கொள்ளலாம். குடிக்க, சமைக்க, கழுவ ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.8 லிட்டர் என்றால் மொத்தம் 15,200 லிட்டர். 98 விழுக்காடு மீட்கப்பட்டால் இழப்பு ஏறத்தாழ 300 லிட்டர் மட்டுமே. ஆனால் மூச்சுக்காக ஒருவருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 0.47 லிட்டர் நீர் திரும்பாமல் போகிறது. நால்வருக்கு 1000 நாளில் அது ஏறத்தாழ 1,900 லிட்டர். குடிநீர் இழப்பைப் போல் ஆறு மடங்கு. உணவிலுள்ள ஈரமும், உணவு உடலில் எரியும்போது உண்டாகும் நீரும் இதில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். எனினும் அவையும் உணவுப் பொதிகளாகப் பூமியிலிருந்து சுமந்து செல்லப்பட்டவையே.

மெத்தேனைச் சிதைத்து ஹைட்ரஜனை மீட்பது ஒரு வழி. அதை அசிட்டிலீனாக மாற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜனில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். மற்றொரு வழியான பாஷ் வினையில் ஹைட்ரஜன் முழுதும் நீராகி, கார்பன் மட்டும் கரியாக எஞ்சும். தாளில் இது குறையற்றது. நடைமுறையில் கரி வினையூக்கியின்மீது படிந்து அதை மூடிவிடுகிறது. படிந்த வினையூக்கியை மாற்றிக்கொண்டே இருந்தால், மீட்ட நீரின் ஆதாயம் அந்த உதிரிகளின் எடையிலேயே கரையும்.

உதிரிப் பாகங்கள்

2024 மே இறுதியில் நிலையத்தின் சிறுநீர்க் கருவியில் ஒரு பம்பு பழுதானது. அது சரியாகும்வரை சிறுநீரைக் கலன்களில் நிரப்பி வைக்க வேண்டியிருந்தது. அதற்கோ இடம் குறைவு. அடுத்த சில நாள்களில் புறப்படவிருந்த ஸ்டார்லைனர் கலத்தில் மாற்றுப் பம்பு ஏற்றப்பட்டது. அதற்கு இடமளிக்க, சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் ஆகிய இருவரின் உடைப்பெட்டிகள் இறக்கப்பட்டன. செவ்வாய்க்குப் பாதிவழி சென்ற கலத்தில் அதே பம்பு பழுதானால், மாற்றுப் பம்பு அக்கலத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். எது, எப்போது பழுதாகும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால், ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் உதிரி எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். அவற்றின் எடையையும் மேற்கண்ட 1,900 லிட்டருடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.