ரீசஸ் நெகட்டிவ் தாயும் 28ஆவது வார ஊசியும்

சிலிபினில் கருவுற்ற பெண் ஒருத்தி தாய் சேய் கிளினிக்கில் பெயர் பதிந்ததும் முதலில் எடுப்பது ரத்தம்தான். முடிவு வந்ததும் மிஸ்ஸி அதைப் பிங்க் புத்தகத்தில் எழுதுவார். ‘ஏ நெகட்டிவ்’ என்று எழுதிய அன்று, கூட வந்த மாமியார் பதறிப்போய்க் கேட்பார்: “மிஸ்ஸி, மருமகளுக்கு ரத்தத்துல ஏதும் கோளாறா?” கோளாறு எதுவும் இல்லை. அவள் ரத்தம் நல்ல ரத்தம்தான். ஆனால் அவள் வயிற்றில் வளரும் பிள்ளையின் ரத்தம் வேறு வகையாக இருக்கலாம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

இது மலேசியாவில் குறிப்பாகத் தமிழ் வீடுகளின் விஷயம். மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் நூற்றுக்கு ஒருவர்கூட ரீசஸ் நெகட்டிவ் இல்லை. இந்தியர்களிலோ நூற்றுக்கு ஐந்து பேர் அப்படி. ஈப்போவில் தமிழர்கள் அடர்ந்து வாழும் சிலிபின், புந்தோங் பகுதிகளில் ஒரு மிஸ்ஸிக்கு இது அடிக்கடி எதிர்ப்படும் எழுத்து. நாட்டில் பெரும்பான்மையோர் பாசிட்டிவ் என்பதால் நெகட்டிவ் ரத்தம் கிடைப்பதும் அரிது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் அந்த நேரத்தில் தேடி அலைய முடியாது. ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்பணுவின் மேற்பரப்பில் ‘டி’ என்றொரு புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அதை உண்டாக்கும் மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. இரண்டில் ஒன்று இருந்தாலே பிள்ளை பாசிட்டிவ். நூற்றுக்கு ஐந்து பேர் நெகட்டிவ் என்ற அளவை வைத்துக் கணக்குப் போட்டால், பாசிட்டிவாக இருக்கும் தமிழ் ஆண்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்றே கூடுதலானவர்களிடம் ஒரு மரபணு மட்டுமே இருக்கும். அத்தகையவரின் பிள்ளை நெகட்டிவாகப் பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மற்றவர்களின் பிள்ளைகள் எல்லோரும் பாசிட்டிவ்தான்.

கருவில் தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் தனித்தனியே ஓடுகின்றன. ஆனாலும் கடைசி மூன்று மாதங்களிலும், முக்கியமாக நஞ்சுக்கொடி பிரியும் நேரத்திலும், பிள்ளையின் ரத்தம் சிறிது தாயின் உடலுக்குள் கசியும். அரை மில்லிலிட்டருக்கும் குறைவான கசிவே போதும். தாயின் உடல் இதுவரை காணாத ‘டி’யைக் கண்டு அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யத் தொடங்கிவிடும். முதன்முறை செய்வதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் முதல் பிள்ளை பெரும்பாலும் பிறந்துவிடுகிறது. அடுத்த கருப்பத்தில் உடலுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. ஒரு சிறு கசிவே தூண்டிவிடும். அப்போது உண்டாகும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைக் கடந்துபோய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை அழிக்கும். பிள்ளைக்கு ரத்தசோகை வரும். முற்றினால் உடலெங்கும் நீர் கோத்து இறந்தே பிறக்கக்கூடும். உயிரோடு பிறந்தால் முதல் நாளிலேயே மஞ்சள் ஏறத் தொடங்கி, மஞ்சள் மூளையைத் தாக்கவும் கூடும்.

முதல் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, அடுத்தடுத்த பிள்ளைகள் மஞ்சள் பூத்து இறந்தால் 1940க்கு முன்னர் உலகத்தில் எந்த மருத்துவராலும் உறுதியாகக் காரணம் சொல்லியிருக்க முடியாது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் அப்படி நடந்தால் டிரஸ்ஸரிடமோ மருத்துவச்சியிடமோ பதிலை எதிர்பார்த்திருக்கவே முடியாது. அந்தத் தாயின்மேல் விழுந்திருக்கக்கூடிய பேச்சுகளை நினைத்தால் மனம் கனக்கிறது. லண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் வகையை அறிவித்தது 1940இல். காரணம் தெரிந்த பிறகும் தடுக்கும் வழி கிடைக்க இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த வழிக்கான தடயம் இயற்கையிலேயே இருந்தது. தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றாலும், இருவரின் ஏ, பி, ஓ வகையும் முரண்பட்டிருந்தால் ஆபத்து வெகுவாகக் குறைவதை லெவின் 1940களிலேயே கவனித்திருந்தார். ஓ வகைத் தாயின் ரத்தத்தில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி குழந்தைப் பருவத்திலிருந்தே உண்டு. பி வகைப் பிள்ளையின் சிவப்பணு உள்ளே கசிந்த உடனே அது அழிக்கப்பட்டுவிடும். தாயின் உடல் அதிலுள்ள ‘டி’யை அறிந்துகொள்ள அவகாசமே இல்லை. அப்படியானால், எல்லா நெகட்டிவ் தாய்மாருக்கும் ‘டி’க்கு எதிரான ஆன்டிபாடியை வெளியிலிருந்து கொடுத்துக் கசிந்த அணுக்களை உடனே அப்புறப்படுத்தினால் என்ன? 1960களின் தொடக்கத்தில் லிவர்பூலில் ரொனால்ட் ஃபின்னும் சிரில் கிளார்க்கும் இப்படி யோசித்தார்கள். கிளார்க் வண்ணத்துப்பூச்சிகளின் மரபை ஆராய்ந்த மருத்துவர். அந்த ஆராய்ச்சிதான் அவரை ரீசஸ் வகையின் பக்கம் திருப்பியது. முதல் முயற்சியில் அவர்கள் பயன்படுத்திய ஐஜிஎம் வகை ஆன்டிபாடி பலன் தரவில்லை. ஐஜிஜி வகைக்கு மாறிய பிறகுதான் பலித்தது. அதே காலத்தில் நியூயார்க்கில் ஃப்ரீடா, கோர்மன், பொல்லாக் மூவரும் சிங் சிங் சிறையில் முன்வந்த கைதிகளிடம் சோதித்தார்கள். சிறைக்குள் நினைத்த நேரத்தில் போய்வர முடியாததால், ரத்தம் செலுத்தி மூன்று நாள் கழித்து ஊசி போட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரம் என்ற இன்றைய வரம்பு வந்த வழி அதுதான். எனவே 73ஆவது மணியில் கதவு அடைபட்டுவிடுவதில்லை. தவறிப்போனால் பத்து நாள் வரைகூடப் போடலாம், ஓரளவு பலன் இருக்கும். ஆனால் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்.

இந்த ஊசி, ஆன்டிபாடி இன்னும் உண்டாகாத தாய்க்கு மட்டுமே உதவும். உண்டாகிவிட்டால் அதை அழிக்க ஊசியால் ஆகாது. ஆகவே ரத்த வகையோடு ஆன்டிபாடி சோதனையும் செய்வார்கள். கூம்ஸ் 1945இல் தன் சகாக்களோடு கண்டுபிடித்த முறைதான் இதற்கு அடிப்படை. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் அட்டையில் ஆறு சிறு குழாய்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நிரப்பிய ஜெல்லில் மனித ஆன்டிபாடியைப் பற்றிக்கொள்ளும் பொருள் கலந்திருக்கும். ‘டி’ உள்ளிட்ட புரதங்கள் இன்னின்னவை உண்டு என்று தெரிந்த ஓ வகை அணுக்களை மேலே விட்டு, தாயின் பிளாஸ்மாவைச் சேர்த்து, 37 டிகிரியில் கால் மணி நேரம் வைத்துச் சுழற்றுவார்கள். ஆன்டிபாடி இல்லாவிட்டால் அணுக்கள் எல்லாம் ஜெல்லைக் கடந்து அடியில் சிவப்புப் பொட்டாகப் படியும். இருந்தால், அது ஒட்டிய அணுக்களைச் சல்லடைபோல் ஜெல் பிடித்து மேலேயோ நடுவிலோ நிறுத்திவிடும். ஒரு பார்வையிலேயே தெரியும்.

ஏ நெகட்டிவான பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கணவர் ஓ பாசிட்டிவ். பிள்ளை ஏ அல்லது ஓ வகையாகத்தான் இருக்கும். இரண்டில் எதுவானாலும் தாயின் ரத்தம் அதை எதிர்க்காது, ஆகவே இயற்கைப் பாதுகாப்பு இவளுக்கு இல்லை. பதிவின்போது எடுத்த ஆன்டிபாடி சோதனை நெகட்டிவ். 28ஆவது வாரத்தில் மறுபடி சோதித்து, அப்போதும் இல்லையென்றால் 1500 யூனிட் ஆன்டி-டி ஊசியைத் தசையில் போடலாம். 28, 34ஆம் வாரங்களில் 500 யூனிட்டாகப் பிரித்துப் போடும் முறையும் உண்டு. 28 என்ற கணக்குக்குக் காரணம் உண்டு: ஊசியின் அளவு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். அங்கிருந்து பிரசவம் வரை 12 வாரம், சத்தம் இல்லாத கசிவுகள் நடக்கும் காலமும் அதுதான். இந்த ஊசி பிள்ளையைத் தாக்காதா என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒரு சிறு பங்கு பிள்ளையிடம் போவது உண்மைதான், ஆனால் தீங்கு செய்யும் அளவல்ல.

பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்து வகை பார்ப்பார்கள். பிள்ளை நெகட்டிவ் என்றால் அதோடு சரி. பாசிட்டிவ் என்றால் தாய்க்கு இன்னொரு ஊசி வேண்டும். கூடவே அவள் ரத்தத்தில் பிள்ளையின் அணு எவ்வளவு கலந்திருக்கிறது என்று க்ளைஹவர் சோதனையில் எண்ணலாம். கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்தை அமிலத்தில் தோய்த்தால் தாயின் அணுக்கள் வெளிறிப் பேய்த்தோற்றமாகும், பிள்ளையின் அணுக்கள் மட்டும் இளஞ்சிவப்பாக நிற்கும். ஒரு மில்லிலிட்டர் சிவப்பணுவுக்கு 125 யூனிட் என்பது ஒரு கணக்கு. 500 யூனிட் போட்டால் 4 மில்லிலிட்டரைச் சமாளிக்கும். பெரும்பாலான பிரசவங்களில் கசிவு அதற்குள் அடங்கும். சிசேரியனிலோ, நஞ்சுக்கொடியைக் கையால் எடுக்க நேர்ந்தாலோ 10 மில்லிலிட்டர் கசிந்திருந்தால் 1250 யூனிட் தேவை, ஆக இன்னும் 750 சேர்த்துப் போட வேண்டும்.

ஊசியே இல்லாவிட்டால், ஏ, பி, ஓ முரண் இல்லாத பாசிட்டிவ் பிள்ளையைப் பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் 100க்கு 16 பேர் அளவில் ஆன்டிபாடி உண்டாகும். பிரசவத்துக்குப் பின் மட்டும் போட்டால் இது இரண்டுக்குள் இறங்கும். 28ஆவது வார ஊசியும் சேர்ந்தால் 100க்கு ஒன்றைவிட மிகக் குறைவு.

இந்த ஏற்பாடு தடுமாறுவது பெரும்பாலும் மருந்தால் அல்ல, தகவலால். கருச்சிதைவுக்காகத் தனியார் கிளினிக்கில் சுத்தம் செய்துகொண்ட பெண், அதை அரசாங்கக் கிளினிக்கில் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தச் சிதைவிலும் கசிவு நடந்திருக்கும், ஊசி போட்டிருக்க வேண்டும். வயிற்றில் அடிபடுவதும், கருப்பத்தின் நடுவில் ரத்தப்போக்கு வருவதும் அப்படியே. இன்னொரு குழப்பம்: 28ஆவது வார ஊசிக்குப் பிறகு ரத்தம் எடுத்தால் ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவ் காட்டும். ஊசி தந்த ஆன்டிபாடியையும் உடல் தானாகச் செய்ததையும் அட்டை பிரித்துக் காட்டாது. ஊசியால் வந்தது மிகக் குறைந்த அளவில் இருக்கும், வாரங்களில் குறையும். உடல் செய்ததோ மறுசோதனையில் ஏறிக்கொண்டே போகும். அதனால் 28ஆவது வார ரத்தத்தை ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும், ஊசி போட்ட தேதியையும் அளவையும் புத்தகத்தில் தெளிவாக எழுத வேண்டும். பிரசவத்துக்கு வேறு ஊருக்கு, தாய் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த ஒரு வரியே பெரிய உதவி.

ஆன்டிபாடி உண்மையிலேயே இருந்தால் ஊசிப் பேச்சே இல்லை. அதன் அளவைக் கணக்கிட்டு, 16 அல்லது 32 மடங்கு நீர்க்கச் செய்தும் தென்பட்டால் பெரிய ஆஸ்பத்திரியின் நிபுணரிடம் அனுப்புவார்கள். அவர் டாப்ளர் ஸ்கேனில் பிள்ளையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை அளப்பார். சோகை கூடினால் ரத்தம் நீர்த்து வேகம் ஏறும். எதிர்பார்க்கும் வேகத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், தொப்புள்கொடியில் ஊசி செலுத்திக் கருவிலேயே பிள்ளைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றும் வழி உண்டு. நியூசிலாந்தில் லைலி 1963இல் முதன்முதலில் கருவில் ரத்தம் ஏற்றியபோது பிள்ளையின் வயிற்றுக்குள் செலுத்தினார். இப்போதைய முறை அதைவிட நேரடியானது. ஆனாலும் எல்லா இடத்திலும் செய்யக்கூடியதல்ல, ஒவ்வொரு முறையும் ஆபத்து கலந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியும் வரும்.