ஏணியின் கால் ஓர் அடி நகர்ந்தால்

வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க 13 அடி ஏணி ஒன்றைச் சாய்த்திருக்கிறார்கள். ஏணியின் கால் சுவரிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. ஏணியின் தலை சுவரில் எத்தனை அடி உயரத்தைத் தொடுகிறது? டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. சுவர் செங்குத்தாகவும் தரை மட்டமாகவும் இருந்தால், தரையில் நின்றபடியே சொல்லிவிடலாம்.

சுவர் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம், ஏணி மூன்றாவது பக்கம். சுவரும் தரையும் சேரும் மூலையில் செங்கோணம் இருப்பதால் இது செங்கோண முக்கோணம். அந்த மூலைக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் ஏணிதான் கர்ணம், மூன்றிலும் நீளமான பக்கம். பிதாகரஸ் தேற்றம் சொல்வது இதுதான்: செங்கோணத்தில் சேரும் இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும். நமக்குக் கர்ணமும் ஒரு பக்கமும் தெரியும். ஆகவே கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். 13-இன் வர்க்கம் 169, 5-இன் வர்க்கம் 25. கழித்தால் 144. அதன் வர்க்கமூலம் 12. ஏணி 12 அடி உயரத்தில் தொடுகிறது.

இதில் பிள்ளைகள் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று, பழக்கத்தில் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடுவது. 169-உம் 25-உம் சேர்ந்து 194, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 13.9. கணக்கு தவறு என்று சொல்ல வாத்தியார் வேண்டாம், ஏணியே சொல்லும். 13 அடி ஏணி 13.9 அடி உயரத்தைத் தொட முடியாது. இன்னொன்று, வர்க்கமே எடுக்காமல் 13-இலிருந்து 5-ஐக் கழித்து 8 என்று எழுதுவது. 5-உம் 8-உம் சேர்ந்தால் சரியாக 13. அப்படியானால் ஏணி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது என்று அர்த்தம். முக்கோணமே இல்லை.

பெரியவர்கள் சறுக்கும் இடம் வேறு. கடையில் வாங்கும்போது சொன்ன ஏணியின் முழு நீளத்தை அப்படியே கர்ணம் என்று எடுத்துக்கொள்வார்கள். மொட்டைமாடிக்கு ஏறும் ஏணி, கைப்பிடிச் சுவரின் விளிம்பைத் தாண்டி மூன்று அடி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஏறி இறங்குகிறவர் பிடித்துக்கொள்ள அது வேண்டும். அந்த மூன்று அடி கணக்கில் சேராது. 16 அடி ஏணியாக இருந்தாலும், தரையிலிருந்து விளிம்பைத் தொடும் இடம்வரை உள்ள 13 அடிதான் கர்ணம்.

சாய்ந்த ஏணிக் கணக்கு பிதாகரஸுக்கும் மூத்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் BM 85196 என்ற எண்ணுடைய களிமண் பலகை ஒன்று இருக்கிறது. 3,500 ஆண்டுகளுக்கும் மேலான பழைய பாபிலோனியப் பலகை. அதில் வரும் ஒரு கணக்கு: 30 அளவு நீளமுள்ள மரம் ஒன்று சுவரோடு ஒட்டி நேராக நிற்கிறது, அதன் தலை 6 அளவு கீழே இறங்கினால், கால் சுவரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கும்? உயரம் 24 ஆகிவிட்டது. 30-இன் வர்க்கமான 900-இலிருந்து 24-இன் வர்க்கமான 576-ஐக் கழித்தால் 324, அதன் வர்க்கமூலம் 18. தலை 6 இறங்குவதற்குள் கால் 18 விலகிவிட்டது. இந்த விகிதாசாரத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வர்க்கமூலமே வேண்டாம் என்று சொல்லும் குறுக்குவழி ஒன்றும் நம்மிடையே போதையனார் பெயரில் வலம்வருகிறது. செங்கோணத்தில் சேரும் இரு பக்கங்களில் நீளமானதில் எட்டில் ஒரு பங்கைக் கழி, குட்டையானதில் பாதியைக் கூட்டு, கர்ணம் கிடைக்கும் என்பார்கள். 12-க்கும் 5-க்கும் போட்டுப் பாருங்கள்: 12-இல் ஒன்றரை போனால் பத்தரை, அதோடு இரண்டரை சேர்ந்தால் 13. அச்சொட்டாக வருகிறது. இதைக் காட்டித்தான் பெருமைப்படுகிறார்கள். ஆனால் ஏணியின் காலைச் சுவரிலிருந்து 3 அடியில் வைத்துப் பாருங்கள். பத்தரையோடு ஒன்றரை சேர்ந்து 12. அதாவது 12 அடி உயரத்தைச் சாய்வாகத் தொட 12 அடி ஏணியே போதுமாம்! உண்மையில் ஏறத்தாழ 12 அடி நாலரை அங்குலம் வேண்டும். 2 அடியில் வைத்தால் பதினொன்றரை அடி ஏணி போதும் என்று அந்தச் சூத்திரம் சொல்லும். சில விகிதங்களுக்கு நன்றாகவும் சிலவற்றுக்கு மோசமாகவும் வரும் தோராயம் அது. செங்குத்தாக நிற்கும் ஏணிக்குத்தான் மிக மோசமாக வருகிறது.

இனி சுற்றளவும் பரப்பளவும். பெயிண்ட் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் செடிகளில் விழாமல், ஏணிக்கும் சுவருக்கும் இடையே உள்ள பக்கவாட்டு இடைவெளியைத் துணி வைத்து மூட நினைக்கிறோம் என்று வையுங்கள். எவ்வளவு துணி வேண்டும் என்பது பரப்பளவு. அந்தத் துணியின் ஓரம் முழுக்க நாடா வைத்துத் தைக்க எவ்வளவு நாடா வேண்டும் என்பது சுற்றளவு.

நாடாவுக்கு மூன்று பக்கங்களையும் கூட்டினால் போதும்: 5, 12, 13, மொத்தம் 30 அடி. துணிக்கு, 5 அடி அகலமும் 12 அடி உயரமும் உள்ள ஒரு செவ்வகத்தைக் குறுக்கே வெட்டிய பாதி என்று பார்த்தால் எளிது. செவ்வகம் 60 சதுர அடி, பாதி 30 சதுர அடி. இங்கே பெருக்க வேண்டியவை செங்கோணத்தில் சேரும் இரண்டு பக்கங்கள் மட்டுமே. ஏணியின் 13-ஐ உயரமாக நினைத்து 5-ஆல் பெருக்கினால் முப்பத்திரண்டரை வந்து துணி வீணாகும். ஏணியைத்தான் அடிப்பக்கமாக எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், சுவர் மூலையிலிருந்து ஏணிக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை உயரமாக எடுக்க வேண்டும். அது 60-ஐ 13-ஆல் வகுத்தது, சுமார் 4 அடி 7 அங்குலம்.

நாடாவும் 30, துணியும் 30 என்று வந்ததைக் கண்டு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அடியை அங்குலமாக மாற்றினால் வேடம் கலைந்துவிடும். நாடா 360 அங்குலம். துணி 4,320 சதுர அங்குலம். நீளம் 12 மடங்கானால் பரப்பு 144 மடங்காகும். மூன்று பக்கங்களும் முழு எண்களாக உள்ள செங்கோண முக்கோணங்களில் இப்படிச் சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக வருவது இரண்டே இரண்டில்தான்: இந்த 5, 12, 13, மற்றது 6, 8, 10.

ஏணியை அசையாமல் வைத்து இதுவரை பார்த்தோம். காலை மெல்ல இழுத்தால்தான் கணக்கு சூடு பிடிக்கும். ஏணி சுவரோடு ஒட்டி நேராக நிற்கும்போது தலை 13 அடியில் இருக்கிறது. காலை ஓர் அடி இழுத்தால் தலை அரை அங்குலம்கூட இறங்காது. 5 அடி இழுத்த பிறகுதான் தலை ஓர் அடி இறங்கியிருக்கும். கால் 12 அடியில் இருக்கும்போது தலை 5 அடியில் இருக்கிறது. அங்கிருந்து கால் இன்னும் ஒரே ஓர் அடி போனால், தலை மீதி 5 அடியும் இறங்கித் தரையில் கிடக்கும். முதல் அடிக்கு அரை அங்குலம், கடைசி அடிக்கு 5 அடி! தொடக்கத்தில் கால் நகர்வது மேலே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. பாபிலோனியப் பலகையில் தலை 6 இறங்குவதற்குள் கால் 18 விலகியதும் இதே கதைதான்.

பரப்பளவும் சுற்றளவும் இந்தப் பயணத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஏணி நேராக நின்றபோது சுற்றளவு 26 அடி, ஏணியின் நீளத்தை இரண்டு முறை எடுத்தது போல. காலும் தலையும் மூலையிலிருந்து சம தூரத்தில், அதாவது சுமார் 9 அடி 2 அங்குலத்தில், இருக்கும்போது அது உச்சத்தைத் தொடுகிறது. அந்த உச்சமே 31.4 அடிதான். பரப்பளவோ ஒன்றுமில்லாததில் தொடங்கி, அதே இடத்தில் 42.25 சதுர அடிக்கு ஏறி, மறுபடி ஒன்றுமில்லாமல் போகிறது. நாடாக்காரர் ஐந்தரை அடிக்குள் ஏற்ற இறக்கத்தைச் சமாளித்துவிடுவார், துணிக்காரருக்குத்தான் கஷ்டம்.

எந்தச் சாய்வில் நிறுத்துவது என்பதற்குத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் ஓர் அளவு உண்டு: தொடும் இடம்வரை உள்ள ஏணி நீளத்தில் கால் பங்கு தூரத்தில் ஏணியின் கால் இருக்க வேண்டும். தரையோடு ஏறத்தாழ 75 பாகைக் கோணம் வரும். இதைவிடச் சாய்த்தால் கால் வழுக்கும், இதைவிட நிமிர்த்தினால் ஏறுபவரோடு பின்பக்கம் சரியும். நம் 13 அடி ஏணிக்குக் கால் பங்கு என்பது மூன்றேகால் அடி. நாம் 5 அடியில் வைத்துக் கணக்குப் போட்டோமே, அது எண்கள் அழகாக வருவதற்காக, ஏறுவதற்கு அல்ல. அந்தக் கோணம் 67 பாகைதான்.

மூன்றேகால் அடியில் வைத்துக் கணக்கை மறுபடி போடலாம். 169-இலிருந்து 10.56-ஐக் கழித்தால் 158.44. வர்க்கமூலம் 12.59 அடி. டேப்பில் இதைக் குறிக்கும்போது 12 அடி 5.9 அங்குலம் என்று வைத்துவிடுபவர்கள் உண்டு. அடிக்கு 12 அங்குலம் என்பதால் 0.59-ஐ 12-ஆல் பெருக்க வேண்டும். 12 அடி 7 அங்குலம். சுற்றளவு 28.84 அடி, பரப்பளவு சுமார் இருபதரை சதுர அடி. காலை ஒன்றேமுக்கால் அடி உள்ளே தள்ளியதில் நாடாவில் ஓர் அடிக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது, துணியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இத்தனையும் மூலை செங்கோணமாக இருந்தால்தான். கொத்தனார்கள் அதைப் பார்க்கும் வழி பலருக்கும் தெரிந்தது: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியிலும் மறுபக்கம் 4 அடியிலும் குறி போட்டு, இரு குறிகளுக்கும் இடையே டேப் பிடித்தால் சரியாக 5 அடி காட்ட வேண்டும். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் மூலை குறுகியிருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள தரை பெரும்பாலும் விரிந்துதான் இருக்கும், ஏனென்றால் மழைநீர் வெளியே ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஏணியின் கால் இருக்கும் இடம் சுவரடியைவிட அரை அடி தாழ்வாக இருந்தால், சரிவோடு சேர்த்து 5 அடி அளந்து 12 என்று சொன்னவர் ஏமாந்துபோவார். சுவரடியிலிருந்து பார்த்தால் ஏணி பதினொன்றரை அடியைத்தான் தொடும். அப்படிப்பட்ட தரையில் டியூப் லெவலைப் பிடித்து, ஏணிக்காலின் மட்டத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, அந்தக் குறிக்கும் காலுக்கும் இடையே மட்டமாக அளக்க வேண்டும். வரும் உயரத்தையும் அந்தக் குறியிலிருந்தே எண்ண வேண்டும்.