வேலைக்கு முந்தைய அசைன்மென்ட்: குறிப்புத் தாளில் எழுதியிருக்க வேண்டியவை

ஒருவரை வேலையில் சேர்க்கும் முன் அந்த வேலையின் சிறு மாதிரியைக் கொடுத்து, வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொல்வது மென்பொருள், கணக்கு, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு எனப் பல துறைகளில் வழக்கம். அலுவலகங்களில் இதை அசைன்மென்ட் என்கிறார்கள். அதனுடன் ஒன்றிரண்டு பக்கக் குறிப்புத் தாளும் போகும். எவ்வளவு நேரம், எதுவரை செய்ய வேண்டும், எப்படித் திருத்தப்படும் என்பவற்றை அந்தத் தாள் சொல்ல வேண்டும். அதில் சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் ஊகிக்கிறார். அப்படி ஊகிக்கும்போது, நிறைய ஓய்வு நேரம் உள்ளவரும் அதே துறையில் தெரிந்தவர்கள் உள்ளவரும் முந்திக்கொள்கிறார்கள்.

திருப்பூரில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் தரவுப் பகுப்பாய்வுக்கு ஓர் இளநிலைப் பணியாளரைத் தேடுவதாக வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதச் சரக்கு அனுப்புதல் பதிவேடு ஒரு எக்செல் கோப்பாகத் தரப்படுகிறது. அதில் 480 வரிகள் இருக்கின்றன. விண்ணப்பதாரர் பதிவேட்டில் உள்ள பிழைகளைக் களைய வேண்டும். எந்தெந்தப் பையருக்கு எத்தனை சதவீதம் சரக்கு தாமதமாகப் போனது என்று கணக்கிட வேண்டும். தாமதம் 20 சதவீதத்தைத் தாண்டிய பையர்களைப் பற்றி மெர்ச்சண்டைசிங் மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை தாளில் இரண்டு எண்கள் தேவை. உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய நேரம் ஒன்று, கோப்பு கைக்கு வந்ததிலிருந்து திருப்பி அனுப்பும் கெடு மற்றொன்று. ‘திங்கட்கிழமைக்குள் அனுப்பவும்’ என்று மட்டும் எழுதினால், ஒருவர் மூன்று மணி நேரத்தில் முடித்து அனுப்புவார், இன்னொருவர் மூன்று நாள் இழைத்து அனுப்புவார், இரண்டும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படும். இப்போது வேறோர் இடத்தில் வேலை பார்ப்பவரும், வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ உள்ளவரும் இதில் பின்தங்கிவிடுவார்கள். அவர்களுடைய திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனவே ‘வேலை நேரம் 3 மணி, வெள்ளி காலை 10 மணி முதல் செவ்வாய் மாலை 6 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்’ என்று எழுதுவதே சரி. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இடையில் வர வேண்டும், ஏனென்றால் திருப்பூரில் வேலையில் இருக்கும் பலருக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான்.

இந்த மூன்று மணி என்ற கணக்கை வாயால் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கும் ஒருவரை, கோப்பை முன்பின் பார்க்காத நிலையில், கேள்வித்தாளை மட்டும் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். அவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனால், பதிவேட்டின் பழக்கவழக்கம் தெரியாத புதியவருக்கு இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு பிடிக்கும் என்று கொண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். கேள்வியை உருவாக்கியவரே செய்து பார்த்துச் சொல்லும் நேரம் எப்போதும் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் பிழைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும்.

சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வீட்டில் செய்யும் வேலைக்குக் கண்காணிப்பாளர் கிடையாது. மூன்று மணி என்று எழுதினாலும் பத்து மணி நேரம் உழைப்பவர் இருப்பார், அவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலை. ஆகவே நேர வரம்பைக் காப்பாற்றித் தருவது வேலையின் எல்லைதான். கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்காதபடி எல்லையைப் போட்டுவிட்டால், பத்து மணி நேரம் செலவிடக் காரணம் இல்லாமல் போகும். தாளில் அதைப் பச்சையாகவே எழுதலாம்: ‘ஒரு எக்செல் கோப்பும் ஒரு பக்கக் குறிப்பும் போதும். வரைபடம், டாஷ்போர்டு, கேட்காத பகுப்பாய்வு எதற்கும் மதிப்பெண் இல்லை. 3 மணி நேரம் முடிந்தும் வேலை மீதம் இருந்தால், அடுத்து என்ன செய்திருப்பீர்கள் என்று நான்கு வரி எழுதி நிறுத்திவிடுங்கள். அந்த நான்கு வரிக்கும் மதிப்பெண் உண்டு.’ இதை எழுதிவிட்டு, திருத்தும்போது அழகான டாஷ்போர்டைப் பார்த்து மயங்கி மதிப்பெண் கொடுத்தால், சொன்னதை நம்பி நிறுத்தியவரை ஏமாற்றியதாகிவிடும்.

கோப்பில் வேண்டுமென்றே வைத்த பிழைகளும், தெரியாமல் புகுந்த பிழைகளும் கலந்துவிடக் கூடாது. தேதி இதற்கு நல்ல உதாரணம். 04/05/2024 என்பது இந்திய அமைப்பு உள்ள கணினியில் மே 4. அமெரிக்க அமைப்பு உள்ள கணினியில் அதே பதிவேட்டை உரைக்கோப்பாகத் திறந்தால் அது ஏப்ரல் 5 ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. 25/04/2024 போன்றவற்றுக்கு 25-ஆவது மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கம் ஒட்டியும் மற்றவை வலப்பக்கம் ஒட்டியும் நின்றால், இதுதான் நடந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். இப்படி ஒரு கோப்பை அனுப்பினால், ஆளாளுக்குக் கணினி அமைப்பைப் பொறுத்து வெவ்வேறு தேர்வு எழுதியதாகிவிடும். தேதிக் குழப்பத்தைச் சோதிக்கும் எண்ணம் இல்லையென்றால் 2024-05-04 என்ற வடிவில் கொடுத்து, ‘தேதிகள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் உள்ளன’ என்று தாளில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

வேண்டுமென்று வைத்த பிழை வேறு வகை. நம் பதிவேட்டில் ஒரே இன்வாய்ஸ் எண் திரும்ப வரும் வரிகள் ஒன்பது இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் ஆறு உண்மையிலேயே இரண்டு முறை பதிந்தவை. மற்ற மூன்றில் எண் ஒன்றுதான், ஆனால் தேதியும் பெட்டிகளின் எண்ணிக்கையும் வேறு; ஒரே ஆர்டரை இரண்டு தவணையாக அனுப்பியதால் வந்தவை. இரண்டாம் தவணை மூன்றுமே தாமதமாகப் போயிருக்கின்றன. மூன்றும் ஒரே பையருக்கு உரியவை. அவருக்கு மொத்தம் 40 முறை சரக்குப் போனதில் 10 தாமதம், அதாவது 25 சதவீதம். இன்வாய்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஒன்பதையும் அழித்துவிட்டவருக்கு 37-இல் 7 என்று கணக்கு வரும். அது ஏறத்தாழ 19 சதவீதம். மேலாளர் கவனிக்க வேண்டிய பையர் பட்டியலிலிருந்தே நழுவிவிடுகிறார்.

அனுப்பிவைத்த கோப்பை நான்கைந்து பேர் செய்துகொண்டிருக்கும்போது ஒருவர் மின்னஞ்சலில், ‘ஒரே இன்வாய்ஸ் எண்ணில் இரண்டு தவணை அனுப்புவது உண்டா?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவருக்கு மட்டும் பதில் போனால் தேர்வு அங்கேயே கெட்டது. ‘கேள்விகளைச் சனி மதியம் 12 மணி வரை அனுப்பலாம், பதில் அன்று மாலை எல்லாருக்கும் ஒன்றாக, கேட்டவர் பெயரில்லாமல் வரும்’ என்று தாளில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே முடித்து அனுப்பியவர் கெடுவுக்குள் திருத்தி மீண்டும் அனுப்பலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மதிப்பெண் பங்கீட்டை விண்ணப்பதாரரிடமிருந்து மறைப்பதில் பயன் எதுவும் இல்லை. பிழை களைவதற்கு 40, கணக்குக்கு 30, குறிப்புக்கு 30 என்று சொன்னால் அவர் நேரத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்வார். ஒளிந்திருக்கும் பிழைகள் எவை என்பதைத்தான் சொல்ல வேண்டியதில்லை. திருத்துபவர் கையில் இன்னும் நுணுக்கமான தாள் ஒன்று இருக்கும், அதுவும் முதல் விடை வருவதற்கு முன்பே எழுதி முடித்ததாக இருக்க வேண்டும். அதில் பிழை களைதலுக்குரிய படிகள் இப்படி இருக்கலாம்: ஆறை நீக்கி மூன்றை விட்டுவைத்து, ஏன் என்று பதிவு செய்தவருக்கு 40, ஒன்பதையும் நீக்கி, நீக்கியதைப் பட்டியலிட்டுச் சொன்னவருக்கு 20, ஒன்பதையும் நீக்கிவிட்டு எதுவும் சொல்லாதவருக்கு 10. இரண்டாமவரும் மூன்றாமவரும் செய்த தவறு ஒன்றேதான். ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்த தவறை மேலாளர் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும், சொல்லாமல் செய்ததை முடியாது. ஒன்பதையும் நீக்கி 19 சதவீதம் என்று சரியாகவே வகுத்தவருக்குக் கணக்குக்கான 30 மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது; ஒரு தவறுக்கு இரண்டு இடத்தில் தண்டனை வேண்டாம்.

இவ்வளவு துல்லியமாக எழுதிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1913-இல் ஒரே வடிவியல் விடைத்தாளின் நகல்களை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்த வைத்தார்கள். அதே தாளுக்கு 28-உம் விழுந்தது, 95-உம் விழுந்தது. சரி, தவறு என்று எளிதில் பிரிக்கலாம் என்று நம்பப்படும் வடிவியலிலேயே இந்த வேறுபாடு என்றால், ஒரு பக்கக் குறிப்பைப் படித்து மனம்போல் மதிப்பெண் போடுவதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தும் முறையையும் தாளில் நான்கு வரியில் சொல்லிவிடலாம். கோப்பின் பெயர் ஓர் எண்ணாக மட்டும் இருக்கும், விண்ணப்பதாரர் பெயரைத் திருத்துபவர் பார்க்க மாட்டார். எக்செல் கோப்பின் உள்விவரங்களில் உருவாக்கியவர் பெயர் பதிந்திருக்கும், அதைத் திருத்துபவரிடம் கொடுப்பதற்கு முன் அலுவலகமே நீக்கிவிட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். ஒருவருடைய விடை முழுவதையும் ஒரே மூச்சில் திருத்தாமல், முதல் பகுதியை எல்லாருக்கும் திருத்திய பிறகு இரண்டாம் பகுதிக்குப் போவார்கள்; நன்றாகக் கணக்குப் போட்டவரின் குறிப்பும் நன்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அப்போது ஒட்டாது. இருவரின் மதிப்பெண்ணும் 10-க்கு மேல் வேறுபட்டால் மூன்றாமவர் பார்ப்பார்.

குறிப்பைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா என்பதும் இங்கே வர வேண்டும். வேலையில் வெளிநாட்டுப் பையருக்கு எழுத வேண்டியிருந்தால் ஆங்கிலத்தைக் கேட்பது நியாயம். உள்ளே இருக்கும் மேலாளருக்கு மட்டும் எழுதும் வேலை என்றால், ஆங்கில நடைக்கு மதிப்பெண் குறைப்பது வேறு எதையோ அளப்பதாகும். மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் நேரம் எவ்வளவு என்பதையும், அதை எப்படிக் கேட்பது என்பதையும் சேர்க்க வேண்டும். இந்தியாவில் அரசுத் தேர்வுகளுக்கான வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரச் சொல்கிறது. அதே அளவைக் கொண்டால் மூன்று மணி நான்கு மணியாகும்.

கொடுக்கும் கோப்பு நிறுவனத்தில் முடியாமல் கிடக்கும் உண்மை வேலையாக இருக்கக் கூடாது. பெயரும் தொகையும் மாற்றிய பழைய பதிவேடே போதும். வரும் விடைகள் எந்த வணிகத் தேவைக்கும் பயன்படுத்தப்படாது, எத்தனை மாதத்தில் அழிக்கப்படும் என்று எழுதிக் கொடுப்பது, இலவசமாக வேலை வாங்குகிறார்களோ என்ற சந்தேகத்தைத் தீர்க்கும். ஆஃபர் கடிதம் ஏற்கெனவே தந்துவிட்ட பிறகு அசைன்மென்ட் வருகிறது என்றால், அதன் முடிவு ஆஃபரைப் பாதிக்குமா, அல்லது பயிற்சியைத் திட்டமிட மட்டுமா என்பது முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். பழைய வேலையை ராஜினாமா செய்யலாமா என்பதை அவர் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

வீட்டிலிருந்து வரும் விடையை யார் செய்தது என்பதைக் காகிதம் காட்டாது. அதற்கு 15 நிமிட நேர்ப்பேச்சு உண்டு என்று தாளிலேயே அறிவிக்கலாம். அதில் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: தாமத வரம்பை 20-லிருந்து 15 சதவீதமாக மாற்றினால் உங்கள் கோப்பில் எதைத் தொடுவீர்கள்? தானே செய்தவர் உரிய கட்டத்தைச் சட்டென்று காட்டுவார். இந்தப் பேச்சைச் சேர்த்த பிறகும் அசைன்மென்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மாதிரி வேலைத் தேர்வுக்கும் பின்னாள் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பை, 1 என்பதை முழுப் பொருத்தமாகக் கொண்டு, 1998-இல் ஷ்மிட், ஹன்டர் ஆகியோர் 0.54 என்று கணித்திருந்தார்கள். 2022-இல் சாக்கெட் குழுவினர் கணக்கிட்ட முறையைத் திருத்தியபோது அது 0.33 ஆகக் குறைந்தது. முன்கூட்டி வகுத்த கேள்விகளுடன் நடக்கும் நேர்காணலுக்கு அவர்கள் கண்டது 0.42. ஆகையால் அசைன்மென்ட் மொத்த முடிவில் எத்தனை பங்கு, தேறுவதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எவ்வளவு, முடிவு எந்தத் தேதியில் வரும், தேறாதவருக்கும் மூன்று பகுதிகளின் மதிப்பெண் தனித்தனியாக அனுப்பப்படுமா என்ற நான்கும் தாளின் கடைசிப் பத்தியில் எழுதப்பட வேண்டும்.