முறிந்த டி.என்.ஏ. இணையும் விதம்

டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒரே இடத்தில் முறிந்தால், செல் அதே வரிசை கொண்ட வேறொரு டி.என்.ஏ.வைப் பார்த்து, விட்டுப்போனதை நகலெடுத்துக்கொள்கிறது. இதுவே ஒத்த மறுசேர்க்கை.

முதலில் நொதிகள் முறிவின் இருபுறமும் ஓர் இழையை அரித்து, மற்றதை ஒற்றை இழையாக நீட்டிவைக்கின்றன. மனித செல்லில் பி.ஆர்.சி.ஏ.2 என்ற புரதம் அந்த இழைமீது ராட்51 புரதத்தை ஏற்றுகிறது. ராட்51 போர்த்திய இழை ஒத்த வரிசையைத் தேடிப்பிடித்து, அந்த இரட்டைச் சுருளுக்குள் நுழைந்து, ஓர் இழையை விலக்கிவிட்டு மற்றதோடு இணைகிறது. நுழைந்த முனையிலிருந்து புதிய டி.என்.ஏ. வளர்கிறது.

உடற்செல்களில் பெரும்பாலும், வளர்ந்த இழை வெளியேறி முறிவின் மறுமுனையோடு சேர, பழுது தீர்ந்துவிடும். மறுமுனையும் பிணைந்தால், இரு மூலக்கூறுகளையும் இரண்டு குறுக்குச் சந்திகள் கட்டிப்போடும். 1964இல் இந்த அமைப்பை முன்வைத்த ராபின் ஹாலிடேயின் பெயரால் இவை ஹாலிடே சந்திகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு சந்தியையும் இரு திசைகளில் வெட்டலாம். இரண்டும் ஒரே திசையில் வெட்டப்பட்டால் குரோமோசோம் கைகள் இடம் மாறுவதில்லை. வெவ்வேறு திசைகளில் வெட்டப்பட்டால் மாறிக்கொள்கின்றன. இந்த மாற்றமே குறுக்கேற்றம்.

கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும் குன்றல் பிரிவில், ஸ்போ11 புரதம் வேண்டுமென்றே முறிவுகளை உண்டாக்குகிறது. தாய்வழிக் குரோமோசோம் தந்தைவழி இணையைப் பார்த்துப் பழுதுபார்க்கிறது. அல்லது தந்தைவழியது தாய்வழியதை. முறிவுகளில் சிறுபகுதியே குறுக்கேற்றமாகிறது. அதுதான் இணைகள் பிரியும் தருணம்வரை அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அது நிகழாவிட்டால் இரண்டும் ஒரே பக்கம் போகக்கூடும். டவுன் நோய்க்குறியில் காணப்படும் கூடுதல் 21ஆம் குரோமோசோமுக்கு இது ஒரு காரணம்.