சீட்டுக் கணக்கு உங்கள் நோட்டிலும் இருக்கட்டும்

ஏலச்சீட்டு மார்க்கத்தில் கூடுமா என்பது தனியே பேச வேண்டிய விஷயம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் மாதாமாதம் ஒரு நோட்டில் ஏலத்தில் தள்ளிய தொகை, கசர், கட்டிய பணம், எடுத்தவர் பெயர் நான்கையும் குறித்து வையுங்கள்.

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 75,000 வரும். தள்ளியதில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000. ஆளுக்கு 1,000 கசர். நீங்கள் கட்ட வேண்டியது 4,000.

4,250 கேட்கிறாரா? இருபது பேரிடமும் சேர்த்து 5,000 கூடுதலாகப் போகிறது. எடுத்தவரிடம் கைக்கு வந்ததைக் கேளுங்கள். 75,000 என்றால் கமிஷனை இரண்டு முறை பிடித்திருக்கிறார்.

நீங்கள் எடுத்த மாதத்தை வட்டமிடுங்கள். அதற்குப் பிறகும் கசர் உண்டு என்று பேசியிருந்தும் சிலர் முழு 5,000 வாங்கிவிடுவார்கள்.